நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயர்

பினாங்கு, பாயான் லெப்பாஸ் ஆலைகளில் சேர்ந்து ஓராண்டு, ஈராண்டு ஆன நம் பிள்ளைகள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "வேலை முழுக்க நான் செய்றேன் அக்கா. மீட்டிங்ல வாய் கிழியப் பேசுறவனுக்குத்தான் பேரு. சாயங்காலம் பாஸ்கூட பேட்மின்டன் ஆடப் போறவனுக்கு இன்க்ரிமென்ட். எனக்கு அப்படியெல்லாம் பழக வராது."

எனக்கும் வராது. பதினோரு வருடம் சிப்பு ஆலையில் டெஸ்ட் எஞ்சினியராக இருந்தேன். அந்தக் காலத்தில் வாரக் கூட்டத்தில் நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. பிறகு ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்க வேண்டி வந்தது. ஆண்டு முடிவில் ஊழியர்களுக்குத் தரம் போடும் கூட்டத்தில் அப்போதுதான் முதன்முறையாக உட்கார்ந்தேன். பதினோரு வருடமாக எனக்கு விளங்காமல் இருந்தது மூன்று மணி நேரத்தில் விளங்கிவிட்டது. கீழே உள்ளதெல்லாம் அந்த அறையில் கற்றதுதான். கூச்ச சுபாவத்தை மாற்றும் வழி எதுவும் இதில் இல்லை. சுபாவத்தை அப்படியே வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பது மட்டும் இருக்கிறது.

முதலில், அந்த அறையில் என்ன நடக்கிறது

பெரிய ஆலைகளில் உங்கள் தரத்தை உங்கள் பாஸ் தனியாக முடிவு செய்வதில்லை. அவர் ஒரு தரத்தை எழுதிக்கொண்டு வருவார். பிறகு எல்லாப் பிரிவுத் தலைவர்களும் எச்.ஆர். ஆளோடு உட்கார்ந்து அவற்றை ஒப்பிட்டுச் சரிக்கட்டுவார்கள். இதற்கு 'காலிபிரேஷன்' என்று பெயர். எங்கள் ஆலையில் அது டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கும். எங்கள் துறையில் 42 பேர், பிரிவுத் தலைவர்கள் ஏழு பேர், ஒதுக்கிய நேரம் மூன்று மணி. கணக்குப் போட்டால் ஆளுக்கு நான்கு நிமிடம் சொச்சம். அதிலும் உயர்ந்த தரத்துக்கு யார், கடைசித் தரத்துக்கு யார் என்ற வாக்குவாதத்திலேயே பாதி நேரம் கரைந்துவிடும். நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

உயர்ந்த தரத்துக்கு ஆறு இடம்தான். சுவரில் எக்ஸெல் அட்டவணை ஓடும். ஒரு பெயர் வந்ததும் அந்த ஆளின் பாஸ் ஒரு வாக்கியமோ இரண்டு வாக்கியமோ சொல்வார். மற்ற ஆறு பேரில் யாராவது "ஆமா, எனக்குத் தெரியும்" என்று தலையாட்டினால் அந்தத் தரம் நிற்கும். "அது யாரு? நான் பார்த்ததில்லையே" என்று ஒருவர் கேட்டு, மற்றவர்கள் பேசாமல் இருந்தால் ஒரு படி கீழே இறங்கும். யாருக்கும் யார் மேலும் வன்மம் கிடையாது. நேரம்தான் இல்லை.

முதல் வருடம் நானே ஒருவரைத் தோற்கடித்தேன். என் பிரிவில் இரவு ஷிப்டில் ஒரு டெக்னீஷியன் அண்ணன் இருந்தார். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அவர் பெயர் வந்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்: "ரொம்ப நல்லா வேலை செய்வாரு. நம்பி விடலாம்." அடுத்து பேசிய தலைவர் தன் ஆளைப் பற்றி, "வாடிக்கையாளர் ஆடிட்டில் வந்த ஏழு குறைகளில் ஐந்தை இவர்தான் மூடினார்" என்றார். என் வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. என் ஆள் இறங்கினார், அவர் ஆள் ஏறினார். ஏன் இறங்கினோம் என்று அண்ணனுக்கு இன்று வரைக்கும் தெரியாது. ஆத்திரத்தில் நான் அந்தத் தலைவரை இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், அண்ணன் அந்த வருடம் என்ன செய்தார் என்று எண்ணோடு சொல்ல என்னிடமே எந்தக் குறிப்பும் இருக்கவில்லை.

ஆக, அமைதியான ஆளுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, பாஸ் வாயில் வைத்துச் சொல்லக்கூடிய, எண் உள்ள ஒரு வாக்கியம். இரண்டு, அதைக் கேட்டதும் தலையாட்ட இன்னொரு பிரிவுத் தலைவர். வாயாடிகளுக்கு இந்த இரண்டும் தன்போக்கில் நடந்துவிடுகிறது. நாம் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும்.

கூச்சமா, மொழியா?

வேலையைத் தொடங்குவதற்கு முன் இதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ஒரு கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும், நடுவில் ஹொக்கியனுக்குத் தாவும், நகைச்சுவை ஹொக்கியனில் முடியும், தீர்மானம் பாதி மலாயில் வரும். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு மலாயில் படித்து, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிய பிள்ளை அங்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது சுபாவம் ஆகாது. பேச்சு புரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து சுலபம், ஆனால் முதல் மாதத்திலேயே செய்துவிட வேண்டும். பேச்சு ஹொக்கியனுக்குப் போனதும், "அந்தக் கடைசி முடிவை இங்கிலீஷில் ஒருமுறை சொல்லிடுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். 'எழுதிக்கிறேன்' என்ற சொல் முக்கியம். அதைச் சேர்த்தால் கேள்வி, குறை சொல்வதுபோல் இல்லாமல் வேலைபோல் ஒலிக்கும். இரண்டு மூன்று முறை கேட்டால் பெரும்பாலோர் தாமாகவே மாற்றிக்கொள்வார்கள். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் கேட்டால், 'இவ்வளவு நாள் புரியாமலா உட்கார்ந்திருந்தாய்' என்ற பார்வைதான் வரும்.

வெள்ளிக்கிழமைக் குறிப்பு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்புமுன் பாஸுக்கு ஒரு சிறு மின்னஞ்சல். ஐந்து வரிக்கு மேல் போகக்கூடாது, எழுதப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. என்ன மாறியது, எத்தனையிலிருந்து எத்தனைக்கு, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் உதவினார்கள், அடுத்து என்ன வேண்டும். அவ்வளவுதான்.

எப்படி எழுதுவது என்பதை ஒரு பெண்ணின் கதையை வைத்தே காட்டுகிறேன். சுங்கைப்பட்டாணியிலிருந்து தினம் பாலம் தாண்டி வருவாள். சேர்ந்து இரண்டாம் ஆண்டு. கூட்டத்தில் கடைசி நாற்காலி அவளுடையது.

எங்கள் லைனில் ஒரு சிப்பு கடைசிச் சோதனைக்கு வரும். டெஸ்டர் என்ற சோதனை இயந்திரம் ஒரே நேரத்தில் நான்கு சிப்புகளை நான்கு சாக்கெட்டில் வைத்துச் சோதிக்கும். தோற்றவற்றை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்ப்போம். இதுதான் ரீடெஸ்ட். ரீடெஸ்டில் நிறைய சிப்பு தேறுகிறது என்றால் சிப்பில் கோளாறு இல்லை, சாக்கெட் ஊசி சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். ரீடெஸ்ட் 5.9 விழுக்காட்டில் நின்றுகொண்டிருந்தது. ஆறு மாதமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் கை வைக்கவில்லை.

இவள் மூன்று வாரத் தரவைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை குறைவு, வெள்ளிக்கு மேல் ஏறுகிறது. சாக்கெட்டைத் திங்கள்தோறும்தான் சுத்தம் செய்வார்கள். சிப்பின் கால்களில் இருக்கும் வெள்ளீயம் ஊசிமுனையில் ஒட்டி ஒட்டி, வாரக் கடைசியில் தொடுப்பு கெட்டுவிடுகிறது. ஒரு சாக்கெட்டில் நாளுக்கு சுமார் 5,000 முறை சிப்பு ஏறி இறங்கும். 'வாரம் ஒருமுறை' என்றிருந்த சுத்தத்தை '10,000 தடவைக்கு ஒருமுறை' என்று மாற்றினாள். அதாவது ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை. மூன்று வாரத்தில் ரீடெஸ்ட் 2.6 விழுக்காட்டுக்கு இறங்கியது.

அவள் அந்த வாரம் எனக்கு எழுதிய குறிப்பு இது:

"ரீடெஸ்ட் பிரச்சினை இப்போது பரவாயில்லை. சாக்கெட் சுத்தம் செய்யும் முறையை மாற்றியிருக்கிறோம். எல்லோரும் உதவினார்கள். தொடர்ந்து கவனித்து வருகிறோம்."

பணிவான, நல்ல குறிப்புதான். ஆனால் டிசம்பரில் அந்த அறைக்குள் இதை எடுத்துக்கொண்டு போனால் நான் மறுபடியும், "நல்லா வேலை செய்வா" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். 'பரவாயில்லை' என்றால் எவ்வளவு? 'மாற்றியிருக்கிறோம்' என்றால் யார்? 'எல்லோரும்' என்றால் யார் யார்? நம் வீடுகளில் 'நான்' என்று சொன்னால் திமிர் என்று வளர்த்துவிட்டார்கள். அதனால் 'நான் செய்தேன்' என்று எழுத கை கூசுகிறது. அந்தக் கூச்சத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'நாங்கள்' என்று எழுதினால் உங்கள் பங்கு எதுவென்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும், ஊகிக்க அவருக்கு நேரமில்லை.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு டெஸ்டர் நாளுக்கு 20,000 சிப்பு பார்க்கிறது. ரீடெஸ்ட் 3.3 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தால், 660 சிப்பு மறுபடி ஏறவேண்டியதில்லை. ஒரு சோதனைக்கு 12 நொடி, நான்கு சிப்பு ஒன்றாகப் போகிறது. 660ஐ நான்கால் வகுத்து 12ஆல் பெருக்கினால் 1,980 நொடி, அதாவது 33 நிமிடம். ஆறு டெஸ்டருக்கு நாளுக்கு 3 மணி 18 நிமிடம். கூடுதல் சுத்தத்துக்கு ஆகும் நேரத்தையும் கழிக்கச் சொன்னேன். ஒரு டெஸ்டருக்கு வாரத்தில் 25 நிமிடம். செலவையும் சேர்த்து எழுதுபவர் சொல்லும் வரவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

திருத்தி எழுதியது இப்படி இருந்தது:

"ரீடெஸ்ட் 5.9 விழுக்காட்டிலிருந்து 2.6 ஆக இறங்கியது (6 டெஸ்டர், 3 வாரச் சராசரி). நாளுக்கு 3 மணி 18 நிமிட டெஸ்டர் நேரம் திரும்பக் கிடைக்கிறது. கூடுதல் சுத்தத்துக்கு ஒரு டெஸ்டருக்கு வாரம் 25 நிமிடம் போகிறது. கிழமை வாரித் தரவிலிருந்து காரணத்தைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்யும் இடைவெளியை நான் மாற்றி எழுதினேன். மூன்றாம் சாக்கெட் மோசமாக இருப்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் இரவு ஷிப்ட் டெக்னீஷியன் அண்ணன். பக்கத்து லைனுக்கும் இதைக் கொண்டுபோக பிளானிங்கின் சம்மதம் வேண்டும்."

ஆலையில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பெயர்களையும் அப்படியே எழுதுங்கள். ஒருவர் உதவியதைப் பெயர் போட்டு எழுதினால் இரண்டு பலன் உண்டு. ஒன்று, 'நான்' என்று எழுதிய கூச்சம் குறைகிறது. இன்னொன்று, நான் முன்பு கைவிட்ட அந்த அண்ணனுக்கு அடுத்த டிசம்பரில் ஒரு வாக்கியம் கிடைத்தது. இந்தக் குறிப்பிலிருந்துதான்.

எல்லா வாரமும் இப்படி அமையாது. ஒன்றும் நடக்காத வாரத்தில் இரண்டு வரி போதும்: 'இது நடந்துகொண்டிருக்கிறது, இங்கே நிற்கிறது, இன்னாரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.' இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள். நான்கு வாரம் நீட்டி எழுதினால் ஐந்தாவது வாரம் பாஸ் திறக்கமாட்டார். இன்னொரு தவறும் சகஜம்: பெருமைக்காக பாஸின் பாஸையும் சி.சி.யில் போடுவது. போடாதீர்கள். உங்கள் பாஸ் தானே மேலே அனுப்ப நினைத்தால் அனுப்புவார், அனுப்பும்போது அது அவர் பரிந்துரையாகப் போகும்.

குறிப்பு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பதில் வருகிறதா என்று பார்க்காதீர்கள், பெரும்பாலும் வராது. நீங்கள் எழுதிய எண்ணை பாஸ் கூட்டத்தில் தன் வாயால் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறையாவது அது காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் அவருக்கு மின்னஞ்சல் ஒத்துவரவில்லை என்று பொருள். அதே ஐந்து வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். என் முந்தைய பாஸ் ஒருவர் காகிதத்தில் கொடுத்தால்தான் படிப்பார்.

கூட்டத்தில் ஒரு தடவை

வாயாடிகளோடு போட்டி போட வேண்டாம். ஒரு கூட்டத்தில் ஒரு தடவை பேசினால் போதும், ஆனால் முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். நேரம் போகப்போக நெஞ்சு படபடப்பு கூடுமே தவிரக் குறையாது, பேச்சுக்கு இடையே புக இடமும் இருக்காது.

இதற்கு முந்தைய நாளே வேலையை முடித்துவிட வேண்டும். பாஸுக்கு ஒரு வரி: "நாளைக்கு ரீடெஸ்ட் பற்றி ஒரு படம் காட்ட வேண்டும், மூன்று நிமிடம், முதலில் போடுங்கள்." நிரலில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் யாரையும் இடைமறித்துப் பேச வேண்டியதில்லை, உங்களைக் கூப்பிடுவார்கள். திரையில் ஒரே ஒரு வரைபடம். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம், "நாளுக்கு மூன்று மணி நேரம் டெஸ்டர் நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கு" என்பதுதான். ரீடெஸ்ட், சாக்கெட், வெள்ளீயம் எல்லாம் அதற்குப் பிறகு. அவளுடைய முந்தைய பழக்கம், காரணத்தில் தொடங்கி முடிவில் பலனுக்கு வருவது. பலன் வருவதற்குள் யாராவது குறுக்கே புகுந்துவிடுவார்கள், பலன் சொல்லப்படாமலே போகும்.

குறுக்கே பேசினால்? கையைச் சற்று உயர்த்தி, "இன்னும் ஒரு வரிதான் இருக்கு" என்று சொல்லி முடியுங்கள். 'ஒரு வரி' என்று சொன்னால் யாரும் தடுப்பதில்லை. ஆனால் உண்மையிலேயே ஒரு வரியில் முடித்துவிட வேண்டும்.

முப்பது பேர் வேண்டாம், ஒருவர் போதும்

நெட்வொர்க்கிங் என்றாலே நமக்கு மனதில் வருவது சாயங்காலக் கும்பல், கராவோக்கே, பேட்மின்டன் கோர்ட், டின்னரில் மேசை மேசையாகச் சிரித்துக்கொண்டு போவது. இதில் ஒன்றும் உங்களுக்குத் தேவையில்லை. அந்த அறையில் தலையாட்ட ஒரு ஆள் வேண்டும் என்றேனே, அந்த ஒருவரை மட்டும் தேடுங்கள்.

யார் அவர்? உங்கள் வேலையால் யாருக்குத் தலைவலி குறைகிறதோ அவர். டெஸ்ட் ஆளுக்கு அது பெரும்பாலும் பிளானிங் அல்லது குவாலிட்டி. அவரைத் தேடிப் போய் "பழகலாமா" என்று நிற்க வேண்டியதில்லை. ஒரு கேள்வியோடு போங்கள். அவள் பிளானிங் தலைவரிடம் கேட்டது: "இந்த ரீடெஸ்ட் குறைஞ்சா உங்க அட்டவணையில எங்க தெரியும்?" அந்தக் கேள்விக்கு அவர் இருபது நிமிடம் பேசினார், இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அமைதியான ஆட்களின் பலமே அங்கேதான். கேட்பவர்களைப் பிடிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து எண்ணை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள், அதே அட்டவணையில் அவரே இடத்தைக் காட்டினார். இரண்டு சந்திப்பும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இருக்காது.

மாமாக் கடைக்கு எல்லோரும் கிளம்பும்போது ஒரேயடியாக மறுத்துக்கொண்டே இருந்தால் பிறகு கூப்பிட மாட்டார்கள். மாதம் ஒருமுறை போங்கள். ஒரு தே தாரிக் குடித்து முடிக்கும் வரை இருங்கள். போகும்போதே, "நான் எட்டு மணிக்குப் பாலம் தாண்டணும்" என்று சொல்லிவிட்டால் பாதியில் எழுவது யாருக்கும் தவறாகப் படாது. அந்தப் பாலத்தின் நெரிசல் இந்த ஒரு காரியத்துக்காவது உதவட்டும். தீபாவளிக்கு மறுவாரம் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு மற்ற பிரிவுகளுக்கு ஒரு சுற்று போங்கள். பேச வராத என் போன்றவர்களுக்கு அந்த டப்பாதான் பேசும். டிசம்பர் கூட்டத்துக்குச் சற்று முன்னால் வருகிற பண்டிகை என்பதை நான் தற்செயலாகத்தான் கவனித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை.

ஆகஸ்டில் கேட்க வேண்டிய கேள்வி

டிசம்பரில் போய், "ஏன் எனக்கு இந்தத் தரம்?" என்று கேட்டால் விளக்கம் கிடைக்கும், தரம் மாறாது. ஆகஸ்டில், தனிச் சந்திப்பில், இதைக் கேளுங்கள்: "இந்த வருஷம் என் வேலையை மத்த தலைவர்கள்கிட்ட ஒரு வாக்கியத்தில் சொல்லணும்னா நீங்க என்ன சொல்வீங்க?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் எண்ணோடு ஒரு வாக்கியம் சொன்னால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். "நல்ல பையன், கடுமையா உழைப்பான்" என்றால் அவர் கையில் ஒன்றும் இல்லை, உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் முன்னால வந்து பேசணும்" என்பார் சிலர். அப்போது, "எந்தக் கூட்டத்தில், எந்த விஷயத்தில்?" என்று கேளுங்கள். அவரால் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் அதைச் செய்யுங்கள். சொல்ல முடியாவிட்டால் அது வழக்கமாகச் சொல்லும் ஒரு வார்த்தைதான், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நவம்பரில் சுயமதிப்பீட்டுப் படிவம் வரும்போது புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்காது. நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளிக்கிழமைக் குறிப்புகள் கையில் இருக்கும். அதில் மூன்றை மட்டும் எடுங்கள். பன்னிரண்டு எழுதினால் பாஸ் அதில் எதைச் சொல்வது என்று குழம்பி, எளிதானதைச் சொல்லிவிடுவார்.

உங்கள் யோசனையை வேறொருவர் சொன்னால்

இது நடக்கும். செவ்வாய்க்கிழமை நீங்கள் மெல்லச் சொன்னதை வியாழக்கிழமை ஒருவர் உரக்கச் சொல்வார். கூட்டத்திலேயே, "அது நான் சொன்னது" என்றால் அழுகிற பிள்ளை மாதிரி தெரியும், பேசாமல் இருந்தால் யோசனை போய்விடும். நடுவழி ஒன்று உண்டு. அவர் முடித்ததும் அதைத் தாங்கிப் பிடித்து, அடுத்த படியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: "ஆமா, செவ்வாய்க்கிழமை நான் அனுப்பின தரவும் அதைத்தான் காட்டுது. பக்கத்து லைனில் நாளைக்குத் தொடங்குறேன்." அன்று சாயங்காலமே அந்தத் தரவை எல்லோருக்கும் மறுபடி அனுப்புங்கள், கூடுதலாக ஒரு சொல்கூட எழுத வேண்டாம். தேதி தானே பேசும்.

ஒருமுறை நடந்தால் மறதி என்று விடலாம். ஒரே ஆள் மூன்று முறை செய்தால் பாஸிடம் தனியாகச் சொல்லுங்கள், மூன்று தேதிகளோடு.

எதிர்பார்ப்பும் எல்லையும்

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். டிசம்பரில் அவள் பெயர் திரையில் வந்தது. "நாளுக்கு மூன்று மணி நேர டெஸ்டர் நேரத்தை மீட்டவர்" என்றேன். நான் மூச்சு விடுவதற்குள் பிளானிங் தலைவர், "நவம்பர் ஆர்டருக்கு ஓவர்டைம் போடாமல் தப்பிச்சது அதனாலதான்" என்றார். யாரும் 'அது யாரு' என்று கேட்கவில்லை. இருந்தும் அவளுக்கு உயர்ந்த தரம் கிடைக்கவில்லை, அதற்கு அடுத்தது கிடைத்தது. முந்தைய வருடத்தைவிட ஒரு படி மேலே. ஆறு இடத்துக்கு அந்த வருடம் வலுவான பத்துப் பேர் இருந்தார்கள். இந்த வழி உங்களை அந்தப் போட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தும், வெற்றிக்கு உத்தரவாதம் தராது.

சில இடங்களில் போட்டிக்குள்ளேயே போக முடியாது. ஆரம்பத்திலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்புகள் போய்க்கொண்டே இருக்கின்றன, உங்கள் எண்களும் மேல்மட்டத்தில் வருகின்றன, ஆனால் பாஸின் பெயரில் மட்டுமே வருகின்றன என்றால் அது ஒரு அடையாளம். ஆகஸ்ட் கேள்விக்கு இரண்டு வருடமும் ஒரே மழுப்பல் பதில் என்றால் இன்னொன்று. விற்பனை, வாடிக்கையாளர் உறவு மாதிரியான பிரிவுகளில் பேச்சே வேலை, அங்கே குறிப்பு எழுதிப் பெரிய பலன் இல்லை. இப்படியென்றால் இரண்டு டிசம்பர் போதும், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டாம். அதே ஆலைக்குள் வேறு பிரிவுக்கு மாற வழி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். உங்கள் வேலையால் பயன்பட்ட அந்த ஒருவரின் பிரிவுதான் பெரும்பாலும் முதல் கதவு.

வெளியே போவதென்றால் வெள்ளிக்கிழமைக் குறிப்புகளே உங்கள் ரெஸ்யூமே. ஆனால் மின்னஞ்சல்களை அப்படியே சொந்தக் கணக்குக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். சேரும்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சிப்பின் பெயர், வாடிக்கையாளர் பெயர், ஒரு பொருளின் தேர்ச்சி விழுக்காடு ஆகியவை ஆலைக்குச் சொந்தம். வெளியே எழுதும்போது 'ரீடெஸ்டைப் பாதிக்கு மேல் குறைத்தேன்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எப்படிக் குறைத்தீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். கிழமை வாரியாகத் தரவைப் பிரித்த கதையை அப்போது சொல்லலாம். எதிரே இருப்பவர் ஒரே ஆள்தான், குறுக்கே பேச யாரும் இருக்கமாட்டார்கள்.